வலிக்காத விரலும் பழுதாகலாம்

“வலி வந்தால் நிறுத்திக்கொள்ளலாம், அதுவரை பிரச்சினை இல்லை.”

போனில் மணிக்கணக்கில் விளையாடுபவர்கள் அதிகம் நம்புவது இதைத்தான். இதை நம்பி ஏமாந்த ஒருவரின் கதை மருத்துவ ஏட்டிலேயே பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 29 வயது இளைஞர் ஒருவர், ஒரே மாதிரி படங்களை வரிசையில் சேர்க்கும் புதிர் விளையாட்டை ஆறு முதல் எட்டு வாரங்கள் நாள் முழுக்க விளையாடினார். வலது கை மற்ற வேலைகளைப் பார்க்க, இடது கையில் போன் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் இடது கட்டைவிரல் அசைய மறுத்தது. அந்த விரலை நிமிர்த்தும் தசைநாண் அறுந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. 2015-இல் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ இதழில் இதை எழுதிய மருத்துவர்களை உறுத்தியது வேறொரு விஷயம். விளையாடும்போது அவருக்கு வலியே தெரியவில்லை.

விளையாட்டின் விறுவிறுப்பு வலி உணர்வை மட்டுப்படுத்தக்கூடும் என்பது அவர்களின் கருத்து. ரேங்க் ஏற்றுவதற்காக விடிய விடிய ஆடுபவர்களைக் கேட்டுப்பாருங்கள். மேட்ச் நடக்கும்போது ஒன்றும் தெரியாது, காலையில் பல் துலக்கும்போதுதான் மணிக்கட்டு வலிக்கிறது என்பார்கள். தசைநாண் அறுந்துபோவது மிக அரிது, அதை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஆடும்போது வலிக்கவில்லை என்பதை மட்டும் வைத்துக் கை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. மறுநாள் காலையில் சாவியைத் திருப்பும்போதும், பாட்டில் மூடியைத் திறக்கும்போதும், சட்டைப் பொத்தான் போடும்போதும் கை என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். அதுதான் நம்பத்தகுந்த சோதனை. உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து வைத்து, கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கிப் பாருங்கள். தூக்கவே முடியவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

“நரம்பு பிசகியிருக்கிறது, எண்ணெய் தேய்த்துச் சுளுக்கு எடுத்தால் சரியாகும்.”

கட்டைவிரல் ஆட்டக்காரர்களுக்குப் பெரும்பாலும் வருவது வேறு. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். விரலை விரிக்கவும் நிமிர்த்தவும் உதவும் இரண்டு தசைநாண்கள் அதன்மேல் ஓர் இறுக்கமான உறைக்குள் ஓடுகின்றன. சைக்கிள் பிரேக் கம்பி அதன் குழாய்க்குள் முன்னும் பின்னும் ஓடுவது போன்ற ஏற்பாடு அது. ஒரே அசைவு ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப நடக்கும்போது உறை தடித்து, உள்ளே இடம் குறைந்து, ஒவ்வோர் அசைவும் உரசலாகிறது. 1895-இல் இதை விவரித்த சுவிஸ் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஃபிரிட்ஸ் டி கெர்வானின் பெயராலேயே மருத்துவர்கள் இதை அழைக்கிறார்கள். கைக்குழந்தையை ஓயாமல் தூக்கும் தாய்மார்களுக்கும் இதே வலி வரும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. கட்டைவிரலை உள்ளே மடித்து மற்ற விரல்களால் மூடிக்கொள்ளுங்கள். பிறகு மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். நல்ல கையிலும் லேசாக இழுக்கும், அதனால் இரண்டு கையிலும் செய்து ஒப்பிட வேண்டும். ஒரு கையில் மட்டும் அந்த எலும்பு மேட்டில் சுரீரென்று குத்தினால் சந்தேகப்படலாம். வேகமாக இழுத்துப் பார்க்கக் கூடாது.

இந்த நிலையில் அழுத்தித் தேய்ப்பதும், விரலைப் பிடித்து இழுத்துச் சொடுக்குவதும், பந்தை வைத்துப் பிசைந்து ‘கையைப் பலப்படுத்துவதும்’ ஏற்கெனவே உரசிப் புண்பட்ட உறையை மேலும் உரசுகின்றன. பிசகாத ஒன்றை எடுத்துவிட முடியாது. அந்த விரலுக்கு இரண்டு மூன்று வாரம் உண்மையான ஓய்வு வேண்டும். மருந்துக்கடையில் மணிக்கட்டுப் பட்டை வாங்கினால், கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் வகையாகப் பாருங்கள். மணிக்கட்டை மட்டும் சுற்றும் பட்டையால் இதற்குப் பெரிதாகப் பலனில்லை. துணியில் சுற்றிய ஐஸை பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். அப்படியும் அடங்காவிட்டால் எலும்பு மருத்துவர் உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார், பலருக்கு அதிலேயே தீர்ந்துவிடும். பட்டையைக் கட்டிக்கொண்டே மற்ற விரல்களால் ஆடுபவர்கள் இருக்கிறார்கள். ஓய்வை ஏமாற்றினால் வலி மாதக்கணக்கில் நீளும்.

“அழுத்தித் தட்டினால்தான் சுடும்.”

இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வலி வருவதற்கு முன்பே தடுக்கும் வழி இங்கேதான் இருக்கிறது. போன் திரை விரலின் அழுத்தத்தை அளப்பதில்லை. தோல் தொடும்போது ஏற்படும் மின் மாற்றத்தை வைத்துத் தொடுதலை உணர்கிறது. இறகுபோலத் தொட்டாலும் இடித்துத் தொட்டாலும் அதற்கு ஒன்றுதான். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் விசை தோட்டாவுக்குப் போவதில்லை, கட்டைவிரலின் அடி மூட்டுக்குப் போகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளுவதுபோல் அழுத்தும்போது, நுனியில் கொடுக்கும் விசை அடி மூட்டில் பத்து மடங்குக்கும் மேலாகப் பெருகுகிறது என்பது கையின் இயக்கவியலில் நெடுநாளாகத் தெரிந்த கணக்கு.

ஃப்ரீ ஃபயரோ பிஜிஎம்ஐயோ இரண்டு கட்டைவிரலால் மட்டும் ஆடும் ஒரு கல்லூரி மாணவரை எடுத்துக்கொள்வோம். இடது விரல் ஜாய்ஸ்டிக்கை விட்டு எழுவதே இல்லை. வலது விரல் குறி பார்க்கவும், சுடவும், ஸ்கோப் திறக்கவும், குதிக்கவும் ஓடுகிறது. விரல் வியர்க்கிறது. வியர்த்தால் திரையில் வழுக்கும் அல்லது ஒட்டும், உடனே அவர் அறியாமலே இன்னும் அழுத்துகிறார். தடித்த கவர் போட்ட போன், எடை இருநூறு கிராமைத் தாண்டும். படுத்துக்கொண்டு தூக்கிப் பிடிப்பதால் சுண்டுவிரல்மேல் அத்தனை பாரமும் இறங்குகிறது.

இவர் மாற்ற வேண்டியது சில அமைப்புகளைத்தான். விளையாட்டின் கட்டுப்பாட்டு அமைப்புக்குள் போய், போனை இயல்பாகப் பிடித்தபடி கட்டைவிரல் நீளாமல் எட்டும் இடத்துக்கு ஃபயர் பட்டனையும் குதிக்கும் பட்டனையும் நகர்த்த வேண்டும். விரல் முழுதாக விரிந்துதான் ஒரு பட்டனைத் தொட முடிகிறது என்றால் அந்த பட்டன் இருக்கும் இடம் தவறு. ஸ்கோப் பட்டனை மேல் மூலைக்கு ஏற்றி ஆள்காட்டி விரலிடம் கொடுத்தால் கட்டைவிரலின் வேலை ஒன்று குறையும். சென்சிட்டிவிட்டியைக் கொஞ்சம் கூட்டினால் திரும்பிப் பார்க்க விரல் பாதித் தூரம் நகர்ந்தாலே போதும். முதல் நாள் குறி தவறும், பயிற்சிக் களத்திலேயே சில நாள் பழகிவிட்டு ரேங்க் மேட்சுக்கு வரலாம். கவரைக் கழற்றிவிட்டு, உட்கார்ந்து, மடியில் ஒரு தலையணை வைத்து முன்கைகளை அதன்மேல் ஊன்றிக்கொண்டால் போனைத் தாங்கும் வேலை விரல்களை விட்டுப் போகும். வியர்வைக்குக் கைக்குட்டை போதும், விரல் உறை அணிந்தாலும் சரி.

இதற்கும் எல்லை உண்டு. ஆள்காட்டி விரல்களை வளைத்து மேலே வைத்து ஆடும் நான்கு விரல் பிடி கட்டைவிரலைக் காப்பாற்றும், ஆனால் மணிக்கட்டை மடக்கி வைக்கும். கைரோ போட்டால் குறி பார்க்கும் வேலை மணிக்கட்டுக்கு மாறும். பாரம் இடம் மாறுமே தவிர மறையாது. ஆகவே ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் போனைக் கீழே வைத்து, விரல்களை விரித்து, கையைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் எழுந்து நடக்க வேண்டும். லாபியில் அடுத்த மேட்சுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பலரும் போனை இறுகப் பிடித்தபடி உடை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரம் கைக்கு உரியது.

உள்ளங்கையில் வரும் தசைப்பிடிப்புக்கு உப்பும் வாழைப்பழமும் மருந்து என்ற நம்பிக்கைக்கு ஒரு வரி போதும். விளையாடும்போது கை மட்டும் பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் காரணம், விடாமல் இறுக்கியதால் தசை களைத்துப்போனதுதான். விரலை மெதுவாக நீட்டிப் பிடித்தால் விடும். காலிலும் இரவிலும் பிடிப்பு வருகிறது என்றால்தான் வேறு காரணம் தேட வேண்டும்.

“நீல ஒளிக் கண்ணாடி போட்டால் கண் களைக்காது.”

இந்தக் கண்ணாடிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2023-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிடும்போது இவை கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே முடித்தது. கண் களைப்பதற்கு முக்கியக் காரணங்கள் ஒளியின் நிறத்தில் இல்லை, இமையிலும் தூரத்திலும் இருக்கின்றன.

சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவையாவது இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போகிறது, இமைப்பதும் அரைகுறையாக இமைக்கிறோம். கண்ணீர்ப் படலம் காய்ந்து, எரிச்சலும் மணல் விழுந்த உணர்வும் வருகிறது. மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் அடித்தால் இன்னும் சீக்கிரம் காயும். அடுத்தது தூரம். போனை 20 சென்டிமீட்டரில் வைத்துப் பார்க்கக் கண்ணின் தசை செய்யும் வேலை, 40 சென்டிமீட்டரில் வைத்துப் பார்ப்பதைப் போல இரு மடங்கு. முழங்கை மடங்கிய நிலையில் கை எட்டும் தூரமே கண்ணுக்கு நல்லது.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளி இருபது விநாடி பார்க்கச் சொல்லும் விதி நல்லதுதான், ஆனால் மேட்ச் நடுவில் யாரும் செய்யமாட்டார்கள். நீங்கள் செத்து, ஸ்குவாட் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம், விமானம் பறக்கும் நேரம், லாபி ஆகியவற்றில் தலையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே பாருங்கள், இமைகளை முழுதாக மூடித் திறங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு ஆடாதீர்கள். ரோஸ் வாட்டரும் விளக்கெண்ணெயும் கண்ணுக்குள் விடுவது கிருமியை உள்ளே விடும் வேலை. சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்தை அடிக்கடி விட்டால் சிவப்பு திரும்பத் திரும்ப வரும். பத்து நாள் இப்படிக் கவனித்தும் தலைவலியோ மங்கலோ போகவில்லை என்றால் பவர் இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள்.

“மரத்துப்போவது ரத்த ஓட்டம் குறைந்ததால்.”

எந்த விரல் மரக்கிறது என்று பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டில் ஒரு நரம்பு அழுந்துகிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் என்றால், படுத்தபடி முழங்கையை மடக்கியே வைத்திருப்பதால் அங்கே நரம்பு நெரிபடுகிறது. கையை உதறினால் தற்காலிகமாகப் போகும். இரவில் மரத்து எழுப்பினாலோ, பொருள்கள் கையிலிருந்து நழுவினாலோ தள்ளிப்போடக் கூடாது.

மருத்துவரிடம் போனால் விளையாடும் நேரத்தை மறைக்காதீர்கள். கூட அம்மாவோ அப்பாவோ இருப்பதால் பலர் ‘எப்போதாவது’ என்று சொல்லிவிடுகிறார்கள். எந்த விளையாட்டு, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எந்தப் பிடி என்பதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள், முடிந்தால் போனைப் பிடித்துக் காட்டுங்கள். பெற்றோர்களே, அந்த ஐந்து நிமிடம் பிள்ளையைத் திட்டாமல் பேசவிடுங்கள்.