திருமண விடுப்பும் தேன்நிலவு வாரமும்: எண்ணூர் ஆலை ஊழியர் ஒருவரின் கணக்கு

திருமண விடுப்பு என்று ஆலைகளிலும் அலுவலகங்களிலும் வழங்கப்படுவது, தொழிற்சாலைகளுக்கோ கடைகளுக்கோ பொருந்தும் சட்டங்களில் ஓர் உரிமையாக எழுதப்பட்டதன்று. நிர்வாகம் தன் விடுப்புக் கொள்கையில் விரும்பிச் சேர்த்துக்கொண்டாலோ, தொழிற்சங்கம் ஊதிய ஒப்பந்தத்தில் கேட்டுப் பெற்றிருந்தாலோதான் அது உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தேன்நிலவு வாரத்துக்கோ அந்தச் சலுகையும் கிடையாது. ஆகவே நிச்சயதார்த்தம் முடிந்த ஊழியர் ஒருவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கல்யாணத்துக்கு எத்தனை நாள் தருவார்கள் என்பதன்று. தம் கணக்கில் எந்த வகை விடுப்பு எத்தனை நாள் இருக்கிறது, அவற்றில் எதை எதனோடு ஒட்டலாம் என்பதே.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்ட ஒருவரின் கணக்கே இங்கு ஆராயப்படுகிறது. அவர் எண்ணூர்ப் பகுதி ஆலை ஒன்றில் மூன்று ஆண்டுகள் நிரந்தரப் பணியில் இருந்தவர். 2024 ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை அவருக்குத் திருமணம். அவரே இக்கட்டுரையை எழுதியவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அந்த ஆலையின் கொள்கைப்படி திருமண விடுப்பு ஐந்து நாள். பத்திரிகையின் நகலை இணைக்க வேண்டும், திருமண நாள் அந்த ஐந்துக்குள் வர வேண்டும், ஐந்தும் நாட்காட்டி நாள்களாகத் தொடர்ந்து எண்ணப்படும் என்பன அதன் விதிகள். நாட்காட்டி நாள் என்றால் இடையில் வரும் ஞாயிறும் எண்ணிக்கையில் சேரும் என்று பொருள். ஊழியர் வியாழன் முதல் திங்கள் வரை இந்த விடுப்பை எழுதினார். செவ்வாய் தொடங்கி அடுத்த திங்கள் வரையிலான ஏழு நாளை, மறுவீடும் ஊட்டிப் பயணமும் அடங்கிய அந்த வாரத்தை, தற்செயல் விடுப்பாகக் கேட்டு வேறொரு தாளில் எழுதினார். சி.எல். என்று எல்லோரும் சொல்லும் இந்த விடுப்பு அவர் கணக்கில் ஆறு நாள் இருந்தது. ஞாயிற்றைக் கழித்தால் தேவைப்பட்டதும் ஆறு நாளே. இப்படிக் கணக்கு கச்சிதமாகப் பொருந்தியதுதான் அவரை ஏமாற்றியது.

பெருந்தவறு, அவர் ஈட்டிய விடுப்பைத் தொடாமல் வைத்ததுதான். ஈட்டிய விடுப்பு, அதாவது ஈ.எல்., உழைத்த நாள்களுக்கு ஈடாகச் சேரும் சம்பள விடுப்பு. அப்போது நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 79ஆம் பிரிவின்படி, ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, ஒவ்வொரு 20 நாள் வேலைக்கும் ஒரு நாள் வீதம் அடுத்த ஆண்டில் இவ்விடுப்பு கிடைக்கும். 2023இல் அவர் 281 நாள் வேலை பார்த்திருந்தார். இருபதால் வகுத்தால் 14 நாள், மீதிப் பின்னம் அரை நாளுக்கும் குறைவென்பதால் விழுந்துவிடும். அந்தப் பதினான்கும் அவரது லீவ் கார்டில் முழுதாக இருந்தன. இருந்தும் அவர் தொடாததற்குக் காரணம், அவர் வேலை பார்த்த பிரிவில் ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த மூத்த ஊழியர் ஒருவர் தேநீர் இடைவேளையில் சொன்ன ஒரு வாக்கு: "ஈ.எல்.ல கைய வெக்காத தம்பி, அது காசு. சி.எல். போட்டுட்டுப் போய்ட்டு வா." பெரியவர் வாக்கைத் தட்டக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள், விடுப்புக் கணக்கில் மட்டுமாவது தட்டிப் பார்ப்பது நல்லது.

தற்செயல் விடுப்பின் இயல்பு அதன் பெயரிலேயே இருக்கிறது. முன்கூட்டி அறிய முடியாத தேவைக்கென்று ஏற்பட்டது அது. நோய்க்காலம் தவிர ஒரே நேரத்தில் மூன்று நாளுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று அப்போதிருந்த மத்திய அரசின் மாதிரி நிலையாணைகளே கூறின. நிலையாணை என்பது வேலை நேரம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை முதலியவற்றை வரையறுத்து, அதிகாரியால் சான்றளிக்கப்பட்ட ஆலை விதித் தொகுப்பாகும். இந்த ஆலையின் நிலையாணையிலும் அதே மூன்று நாள் வரம்பு இருந்தது. அதோடு தற்செயல் விடுப்பை வேறெந்த விடுப்போடும் ஒட்டக் கூடாது என்ற வரியும் இருந்தது. ஜோசியர் நான்கு மாதம் முன்னரே முகூர்த்தம் குறித்துக் கொடுத்த ஒரு நிகழ்வை எதிர்பாராத தேவை என்று வாதிடுவதும் எளிதன்று.

விண்ணப்பம் மேற்பார்வையாளரிடம் போனபோது அவர் வாய்மொழியாகச் சொன்னது, "போய்ட்டு வாங்க, பாத்துக்கலாம்." கையெழுத்து இல்லை. அக்காலத்தில் ரயில் முன்பதிவு 120 நாள் முன்னரே திறந்ததால், மேட்டுப்பாளையம் செல்லும் நீலகிரி விரைவு வண்டிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. அறைக்கு முன்பணமும் கட்டியாயிற்று. திரும்பி வந்த மாதத்துச் சம்பளச் சீட்டில் ஏழு நாள் சம்பள இழப்பு என்று இருந்தது. ஆறு வேலை நாளும் தற்செயல் விடுப்பாக ஏற்கப்படவில்லை. அவற்றுக்கு நடுவில் அகப்பட்ட ஞாயிறும் சேர்த்து வெட்டப்பட்டது. இரு பக்கமும் சம்பளமில்லா நாள் இருந்தால் நடுவில் உள்ள விடுமுறையையும் விழுங்கும் இந்த வழக்கத்தை அப்பகுதி ஆலைகளில் சாண்ட்விச் என்பார்கள். மாதச் சம்பளம் 30,000 ரூபாய், நாளுக்கு 1,000 என்று 7,000 ரூபாயும், முழு வருகைக்கான ஊக்கத்தொகை 1,500 ரூபாயும் ஆக 8,500 ரூபாய் போயிற்று. காரணம் கேட்கப் போனபோது மனிதவளப் பிரிவில் கிடைத்த விடை, "கல்யாணத்துக்கு அஞ்சு நாள் குடுக்கறோம், ஊர் சுத்தறதுக்குமா குடுக்கணும்?" என்பது. கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. உழைத்துச் சேர்த்த 14 நாள் அதே அறையின் பதிவேட்டில்தான் இருந்தது, அதை எடுத்துச் சொல்ல ஒரு நிமிடம் போதும் என்பதை அந்த விடையைச் சொன்னவர் அறியாதவரல்லர்.

அதே ஏழு நாளை ஈட்டிய விடுப்பாக எழுதியிருந்தால் நடந்திருப்பது வேறு. இவ்விடுப்பின் நடுவிலோ முன்னும் பின்னுமோ வரும் விடுமுறை நாள்கள் விடுப்புக் கணக்கில் சேரா என்று 79ஆம் பிரிவின் விளக்கமே கூறியது. ஆகவே ஆறு நாள் மட்டும் கழிந்திருக்கும், ஞாயிறு தப்பியிருக்கும், சம்பளத்தில் ஒரு ரூபாயும் குறைந்திராது. விண்ணப்பம் எழுத்தில் இருக்க வேண்டும், விடுப்பு தொடங்குவதற்கு 15 நாளுக்குக் குறையாமல் முன்னதாகக் கொடுக்கப்பட வேண்டும், ஓர் ஆண்டில் மூன்று தடவைக்கு மேல் பிரித்து எடுக்கக் கூடாது என்பன மட்டுமே அச்சட்டத்தின் நிபந்தனைகள். உரிய முறையில் கேட்டும் மறுக்கப்பட்டால், அந்த நாள்கள் வழக்கமான 30 நாள் வரம்புக்கு உட்படாமல் அடுத்த ஆண்டுக்குப் போகும். மறுப்பை எழுத்தில் வாங்கி வைப்பதன் பயன் இதுதான். இன்னொன்று பலருக்கும் தெரியாதது: நான்கு நாளோ அதற்கு மேலோ இவ்விடுப்பு அனுமதிக்கப்பட்டவருக்கு, அந்நாள்களின் சம்பளத்தை விடுப்பு தொடங்கும் முன்பே தர வேண்டும் என்று 81ஆம் பிரிவு சொல்லியிருந்தது. தாலிக்கும் மண்டபத்துக்கும் பணம் கரையும் வாரத்தில் அது சிறு தொகையன்று.

திருமண விடுப்பை எந்தக் கிழமையில் தொடங்குவது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு வியாழனில் தொடங்கியதால் ஐந்து நாளில் ஒன்றை ஞாயிறு தின்றது. செவ்வாயில் தொடங்கியிருந்தால் ஐந்தும் வேலை நாள்களாகச் சனியோடு முடிந்து, திங்கள் முதல் சனி வரை ஆறு நாள் ஈட்டிய விடுப்பும் அதற்கடுத்த ஞாயிறுமாகச் சேர்த்து, அதே செலவில் 13 நாள் கிடைத்திருக்கும். இரு விடுப்புக்கும் இடைப்பட்ட ஞாயிற்றை ஆலை எப்படி எண்ணும் என்பதை மட்டும் முன்னதாக எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, 240 நாள் என்ற தகுதியை 180 நாளாகக் குறைத்துள்ளது. இருபதுக்கு ஒன்று என்ற வீதம் மாறவில்லை. ராயபுரத்தில் துறைமுகச் சரக்குகளுக்கான கிளியரிங் அலுவலகங்களில் வேலை பார்ப்போருக்குத் தொழிற்சாலைச் சட்டம் பொருந்தியதில்லை; அவர்களுக்கு 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, பன்னிரண்டு மாதப் பணிக்குப் பின் 12 நாள் சம்பள விடுப்பு உண்டு. ஆலையில் ஒப்பந்தக்காரர் வழியாக வேலை செய்பவரும் தொழிலாளி என்ற சொல்லின் பொருளுக்குள் அடங்குபவரே, ஆயினும் அவருக்கு லீவ் கார்டு போடப்படுகிறதா என்பதை அவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஊட்டியிலிருந்து தொலைபேசியில் இரண்டு நாள் கூட்டிக் கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அனுமதித்த நாள் முடிந்து எட்டு நாளுக்குள் திரும்பி விளக்கம் தராவிட்டால் வேலையின் மீதுள்ள உரிமையே போகும் என்பதும் அந்த மாதிரி நிலையாணையில் இருந்த விதி.

இவையெல்லாம் ரகசியமாக வைக்கப்பட்டவை அல்ல. சான்றளித்த நிலையாணையைப் பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும், நுழைவாயில் அருகே தனிப் பலகையில், தெரியும்படி ஒட்ட வேண்டும் என்று அப்போதிருந்த 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்லியிருந்தது. அந்த ஆலையிலும் டைம் ஆபீஸ் சுவரில், சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி, கண்ணாடிச் சட்டத்துக்குள் அது தொங்கியது. கடற்காற்றின் உப்புப் படிந்து கண்ணாடி மங்கியிருந்தது, கீழ்ப்பாதியை மறைத்து ஆயுத பூஜை வசூல் அறிவிப்பு ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. மூன்று ஆண்டுகள் அதன் முன்னே கைரேகை வைத்துவிட்டு உள்ளே போனவர், சம்பளம் வெட்டுப்பட்ட பின்பே அந்த அறிவிப்பைத் தூக்கிப் பார்த்தார். தற்செயல் விடுப்பை ஒட்டக் கூடாது என்ற வரி சரியாக அதன் அடியில் இருந்தது.

காசு என்று சொல்லப்பட்ட ஈ.எல்.லுக்கு அந்த ஆலை கணக்கிடுவது அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் மட்டுமே, அதாவது 18,000 ரூபாய்க்கு நாளொன்றுக்கு 600. 8,500 ரூபாய் இழந்து காப்பாற்றிய ஆறு நாளுக்கு ஆண்டு முடிவில் கைக்கு வந்தது 3,600 ரூபாய்.