ஓட்டை வட்டமா வரணுமா? ஹோல் சா பிடிக்கும் முன் ஒரு பாடம்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு நாங்க ஒரு சோலார் ட்ரையர் செய்தோம். 12 மில்லி ப்ளைவுட்டில் பெட்டி, முன்பக்கம் 1 மில்லி ஜி.ஐ. ஷீட். இரண்டிலும் 80 மில்லி ஃபேன் மாட்ட ஒவ்வொரு ஓட்டை வேண்டும். அந்த ஃபேனின் காற்று போகும் வாய்க்கு 76 மில்லி ஹோல் சா சரியாகப் பொருந்தும். "இதென்ன, பெரிய ட்ரில் பிட் மாதிரிதானே"ன்னு நினைச்சு, ஷீட்டைக் கையால பிடிச்சு, சாதாரண ட்ரில் மெஷினில் ஹோல் சாவை மாட்டி அழுத்தினோம். பத்து நொடி அலறல், புகை, அப்புறம் ஒரு உதறல். ஷீட்டில் வந்தது வட்டம் இல்ல, கிட்டத்தட்ட ஒரு மாங்காய் வடிவம். ட்ரில்லைப் பிடிச்சிருந்த நண்பனோட மணிக்கட்டு ஒரு வாரம் கட்டோட இருந்துச்சு.

என்ன தப்பு நடந்ததுன்னு அப்புறம் ஒவ்வொன்றாகப் பிரிச்சுப் பார்த்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்க ஷீட்டும் உங்க மணிக்கட்டும் தப்பிக்கட்டும்.

அது ட்ரில் பிட் இல்ல, வளைச்ச ரம்பம்

ஹோல் சாவைக் கையில் எடுத்துப் பாருங்க. ஒரு கிண்ணம், அதன் விளிம்பில் பற்கள். கிண்ணத்தின் பின்னால் ஆர்பர், நடுவில் பற்களைவிடக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கிட்டு ஒரு 6 மில்லி பைலட் பிட். ஓட்டைக்குள் இருக்கும் மொத்தப் பொருளையும் இது பொடியாக்குறதில்ல. ஓரத்தில் சுமார் 2 மில்லி அகலத்துக்கு ஒரு வளையத்தை மட்டும் அறுத்து, நடுவில் இருப்பதை ஒரு வில்லையாக வெளியே எடுக்குது.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருது. ஒன்று, இதுக்கு மையத்தைக் காட்ட இருப்பது அந்தப் பைலட் பிட் மட்டும்தான். பைலட்டுக்கு உறுதியான பிடிமானம் இல்லேன்னா மையம் நகரும், ஓட்டை கோணலாகும். இரண்டு, ட்ரில் பிட்டில் இருப்பது மாதிரி தூளை மேலே ஏற்றி வெளியே தள்ளும் சுருள் பள்ளம் இதில் இல்ல. அறுத்த தூள் அந்தக் குறுகிய வளையத்துக்குள்ளேயே மாட்டிக்கும். இந்த இரண்டையும் மனசில் வச்சுக்கிட்டா மீதி எல்லாம் தானாகப் புரியும்.

மாட்டும்போது ஒரு சின்ன விஷயம். பெரிய சைஸ் ஆர்பரில் இரண்டு பின் இருக்கும். கிண்ணத்தை மரையில் முழுசாகத் திருகி, பிறகு பின்கள் கிண்ணத்தின் துளைகளுக்கு நேராக வரும் வரை கொஞ்சம் பின்னால் திருப்பி, பின்களை உள்ளே தள்ளிப் பூட்டணும். பின் மாட்டாம ஓட்டினா மொத்த விசையும் மரைக்கே போய், அது இறுகிப் போயிடும். அப்புறம் கழற்றப் பெரும்பாடு.

முதலில் ப்ளைவுட்

மரத்தில் வரும் தொல்லை இரண்டு: கருகுவது, பின்பக்கம் பிய்ந்து போவது.

கருகுவதுக்குக் காரணம் தூள். வளையத்துக்குள் மாட்டிய தூள் பற்களின் இடுக்கை அடைச்சுடும். அதுக்கு மேல பல் மரத்தை வெட்டாது, தேய்க்கும். வாசனையே சொல்லிடும். வெளியே வரும் தூள் வெளிர் நிறத்தில் இருந்தா நல்லா வெட்டுது. பழுப்பாகி வந்தா நிறுத்துங்க. இன்னும் அழுத்தினால் சரியாகும்னு நினைக்க வேண்டாம், சூடுதான் ஏறும்.

இதுக்கு ஒரு எளிய வழி இருக்கு. முதலில் ஹோல் சாவை மெதுவாக ஓட்டி, 1 மில்லி ஆழத்துக்கு வட்டத்தை மட்டும் கீறிக்கோங்க. பிறகு ட்ரில்லை எடுத்துட்டு, அந்த வட்டத்துக்கு உள்பக்கமாக, கீறலின் மேல் படும்படி ஒரு 10 மில்லி ஓட்டையை ஆர்பார் போடுங்க. எங்க கணக்கு: 76 மில்லி வட்டத்தின் ஆரம் 38. 10 மில்லி ஓட்டையின் மையத்தை நடுவிலிருந்து 32.5 மில்லியில் வச்சா, அதன் வெளி விளிம்பு 37.5-ல் முடியும். அறுபடும் வளையம் சுமார் 36-லிருந்து 38 வரை. அதாவது ஓட்டை வளையத்தைத் தொடுது, ஆனால் நமக்கு வேண்டிய விளிம்பைத் தாண்டல. இனி சா சுற்றும்போது பற்கள் சுமந்து வரும் தூள் ஒவ்வொரு சுற்றிலும் இந்த ஓட்டை வழியாகக் கீழே கொட்டிடும். பலகைக்கு அடியில் இரண்டு கட்டையைப் போட்டு, தூள் விழ இடம் விடுங்க. நம்ப மாட்டீங்க, அறுக்கும் நேரம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறையும்.

பின்பக்கம் பிய்வதுக்குக் காரணம், கடைசி அடுக்குக்குப் பின்னால் தாங்க எதுவும் இல்லாதது. எனவே ஒரே பக்கத்திலிருந்து முழுசும் போகாதீங்க. பைலட் நுனி பின்பக்கம் எட்டிப் பார்த்ததும், சா பாதி ஆழம் போனதும் நிறுத்தி, பலகையைத் திருப்புங்க. பைலட் போட்ட அதே ஓட்டையில் பைலட்டை வச்சு மறுபக்கத்திலிருந்து முடிங்க. இரண்டு முகமும் சுத்தமாக இருக்கும். வில்லையில் ஒரு பகுதி கிண்ணத்துக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருப்பதால் இழுத்து எடுப்பதும் சுலபம். சிக்கிக்கிச்சுன்னா, ட்ரில்லின் பேட்டரியைக் கழற்றிட்டு, கிண்ணத்தின் பக்கவாட்டுத் துவாரம் வழியா ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்புங்க.

ஷீட்டுக்கு முன் ஒரு கணக்கு

எங்க முதல் தப்பு வேகம். மெஷினிங் பேப்பரில் எழுதிட்டு மறந்த ஃபார்முலாதான்:

N = 1000 V / (π D)

V என்பது பல் நகரும் வேகம், நிமிடத்துக்கு மீட்டரில். D விட்டம், மில்லியில். மைல்ட் ஸ்டீலுக்கு V சுமார் 25-ன்னு வச்சுக்கலாம். 6 மில்லி பிட்டுக்குப் போட்டா N சுமார் 1,300 ஆர்.பி.எம். அதே கணக்கை 76 மில்லிக்குப் போட்டா வெறும் 105.

நாங்க ஓட்டிய மெஷின் 2,800 ஆர்.பி.எம். ஒரு சுற்றில் பல் 239 மில்லி நகருது. நிமிடத்துக்கு 668 மீட்டர் ஆகுது. வேண்டியதைப் போல 26 மடங்குக்கு மேல! பல் நுனி நீலமாகி மழுங்கியதில் ஆச்சரியமே இல்ல. மழுங்கின பல் வெட்டாது, தேய்ச்சு இன்னும் சூடாகும், இன்னும் மழுங்கும்.

ஆகவே இதுக்கு வேகத்தைக் குறைக்க முடிந்த ட்ரில் வேணும். இரண்டு கியர் உள்ள கார்ட்லெஸ் ட்ரில்லில் முதல் கியரைப் போட்டு, ட்ரிக்கரைக் கொஞ்சமாக அழுத்துங்க. பற்களைக் கண்ணால் தனித்தனியாகப் பார்க்க முடியும் அளவுக்கு மெதுவா சுற்றணும். ஹேமர் மோடு கூடவே கூடாது. ஹோல் சாவும் பை-மெட்டல் வகையாக இருக்கணும். மரத்துக்குன்னு விலை குறைவாக விற்கும் செட்டைத் தகரத்தில் போட்டா, ஒரு ஓட்டைக்குள் பல் போயிடும்.

ஷீட்டை சாண்ட்விச் ஆக்குங்க

இரண்டாவது தப்பு இன்னும் முக்கியமானது. 1 மில்லி ஷீட்டில் பைலட் போடும் ஓட்டையின் ஆழமே 1 மில்லிதான். அந்தக் கத்தி முனை மாதிரி விளிம்பு, சுற்றும் பைலட்டை எப்படிப் பிடிச்சு நிறுத்தும்? பைலட் அதை அரிச்சு அகலமாக்கிடும், மையம் போயிடும். ட்ரில் லேசாகச் சாய்ந்தாலும் ஒரு பக்கத்துப் பற்கள் முதலில் ஷீட்டைத் துளைச்சு வெளியே வரும். அந்தப் பிறை வடிவ ஓட்டையின் மெல்லிய விளிம்பு, இரண்டு பற்களுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்துக்குள் விழுந்து கொக்கி மாதிரி மாட்டிக்கும். சா நிற்கும், ட்ரில் சுற்றும். எங்களுக்கு வந்த உதறல் அதுதான்.

தீர்வு, பைலட்டுக்கு மரத்தில் பிடிமானம் கொடுப்பது. ஷீட்டுக்குக் கீழே 12 மில்லி ப்ளைவுட், மேலே 6 மில்லி ப்ளைவுட், இரண்டுக்கும் நடுவில் ஷீட். மொத்தம் 19 மில்லி. ஓட்டை வரும் இடத்துக்கு முடிந்தவரை பக்கத்தில் சி கிளாம்ப் போட்டு மேஜையோடு இறுக்குங்க. மையத்தை மேல் பலகையில் குறிக்கணும். ஷீட்டின் ஓரத்திலிருந்து அளந்து குறிங்க, பலகையின் ஓரத்திலிருந்து இல்ல. நாங்க ஒரு தடவை அதிலும் ஏமாந்தோம்.

இப்போ மேல் பலகையில் சா இறங்கும்போதே அதுக்கு ஒரு வட்டப் பள்ளம் கிடைச்சுடும். ஷீட்டைத் தொடும்போது பற்கள் எல்லாம் ஒரே சமயத்தில் படும், நகர இடம் இல்ல. தூளின் நிறமும் சத்தமும் மாறுவதை வச்சு உலோகத்தைத் தொட்டதைக் கண்டுபிடிக்கலாம்: மரத்தூளோட மினுமினுப்பான துகள் வரும். அங்கே நிறுத்தி, தூளைத் தட்டிட்டு, பள்ளத்தில் சில சொட்டு கட்டிங் ஆயில் விடுங்க. பிறகு மெதுவான வேகம், ஒரே சீரான அழுத்தம். உலோகம் முடிஞ்சு கீழ்ப் பலகையில் இறங்கியதும் சத்தம் மறுபடி மரச் சத்தமாக மாறும். அதுதான் முடிஞ்சதுக்கான அடையாளம்.

இவ்வளவு செய்தாலும் சா எப்பவாவது மாட்டும்னு எதிர்பார்த்தே நில்லுங்க. ட்ரில்லின் பக்கவாட்டு ஹேண்டிலைப் போட்டு இரண்டு கையாலும் பிடிங்க. ட்ரிக்கர் லாக் பட்டனைத் தொடாதீங்க. விரலை எடுத்தா நிற்கணும். கண்ணாடி கட்டாயம். கிளவுஸ் மட்டும் வேண்டாம், சுற்றும் பற்கள் துணியைப் பிடிச்சா கையையும் சேர்த்து இழுக்கும். வெட்டி முடிச்ச விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், அரை வட்ட அரத்தால் பிசிறை எடுத்த பிறகுதான் விரலை வைக்கணும்.

சின்னதா போட்டுட்டா?

ப்ளைவுட்டில் எங்களுக்கு இன்னொரு கூத்தும் நடந்தது. அவசரத்தில் 64 மில்லி சாவை மாட்டி ஓட்டை போட்டுட்டோம். இப்போ 76 ஆக்கணும், ஆனால் பைலட் குத்த நடுவில் மரமே இல்ல. வெறும் கையால் முயன்றா சா பலகை மேல வழுக்கி ஓடி, மேல் அடுக்கைக் கிழிச்சுடும்.

இங்கேயும் பதில் அதேதான்: மையம் போயிடுச்சா, வேற இடத்திலிருந்து வழி காட்டுங்க. ஒரு துண்டுப் ப்ளைவுட்டில் முதலில் 76 மில்லி ஓட்டை போட்டோம். அந்தத் துண்டைப் பழைய ஓட்டைக்கு மேல், இரண்டு மையமும் ஒன்றாக வரும்படி வச்சு கிளாம்ப் பண்ணோம். பைலட் பிட்டைக் கழற்றிட்டு, சாவை அந்த ஓட்டைக்குள் இறக்கி மெதுவா ஓட்டினோம். கிண்ணத்தின் வெளிச்சுவரை மேல் பலகை பிடிச்சுக்கிச்சு. வட்டம் சுத்தமாக வந்தது.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீங்க. பற்கள் இருபக்கமும் கொஞ்சம் விரிஞ்சு இருப்பதால் ஓட்டை எப்பவும் சாவின் சைஸைவிடக் கொஞ்சம் பெரிசாகத்தான் வரும். ஃபேன், ஸ்பீக்கர், பைப், கேபிள் கிளாண்ட் இதுக்கெல்லாம் அது போதும், விளிம்பை ஏதோ ஒன்று மூடிடும். பேரிங்கை இறுக்கமாகச் சொருகணும்னா ஹோல் சாவோட நிற்காம லேத் பக்கம் போங்க.

எங்க ட்ரையரில் இப்போ இரண்டு ஃபேனும் ஓடுது. அந்த மாங்காய் ஓட்டை ஷீட் இன்னும் ஒர்க்ஷாப் சுவரில் சாய்ந்து நிற்குது. ஜூனியர்ஸ் யாராவது ட்ரில்லோட வந்து "அண்ணா, ஷீட்டைக் கையால பிடிச்சுக்கிட்டா போதுமா?"ன்னு கேட்டா, பதில் சொல்லாம அதை எடுத்துக் காட்டுறோம்.