மேலாளரிடம் மணிக்கணக்கோடு போங்கள்

திங்கள்தோறும் ஐந்து கிளைகளின் விற்பனைக் கோப்புகளை எக்செல்லில் வெட்டி ஒட்டி அறிக்கையாக்க இரண்டரை மணி நேரம் போகிறதா? கோப்புகளை ஒரே ஃபோல்டரில் போட்டு, பவர் குவெரியின் `From Folder` வழியாக இணைத்துவிட்டால், அடுத்த வாரம் பழைய கோப்புகளுக்குப் பதிலாகப் புதியவற்றைப் போட்டு `Refresh` அழுத்தினால் போதும்.

ஆனால் இதற்கு அனுமதி கேட்டு மேலாளருக்கு எழுதும்போது ‘இரண்டரை மணியும் மிச்சம்’ என்று அளக்காதீர்கள். சரிபார்க்க அரை மணி வேண்டும். ஆக வாரத்துக்கு 2 மணி, 50 வாரங்களுக்கு 100 மணி மிச்சம். அமைக்க 16 மணி பிடித்தால், புதிய முறைக்கு முழுதாக மாறிய பின் எட்டு வாரத்தில் அது ஈடாகிவிடும்.

ஆபத்தையும் எழுதுங்கள். ஏதாவது ஒரு கிளை ‘தொகை’ என்ற தலைப்பை ‘மொத்தம்’ என்று மாற்றினால், பிழைச் செய்தியே வராமல் அந்தக் கிளையின் தொகை வெற்றாகிவிடலாம். அதனால் முதல் நான்கு வாரம் இரண்டு முறையிலும் தயாரித்து, கிளைவாரி மொத்தத்தை ஒப்பிட அனுமதி கேளுங்கள்.