மஞ்சளான ஃபோம் வீண் அல்ல

பழைய ஸ்பிரிங் மெத்தையில் காசு பெறுவது இரும்பு மட்டும்தான், மிச்சமெல்லாம் குப்பை என்பது காயலான் கடை வட்டாரத்தில் வேரூன்றிய நம்பிக்கை. மெத்தையைக் கொளுத்திவிட்டுக் கம்பியை மட்டும் அள்ளும் வழக்கம் இதிலிருந்துதான் வருகிறது. உள்ளே இருக்கும் ஃபோம் பாலியூரித்தேன். அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வெளியேறும். பக்கத்தில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்தான புகை அது. அதோடு, விலைபோகக்கூடிய சரக்கும் சாம்பலாகிவிடுகிறது.

ஃபோம் மஞ்சளித்துவிட்டால் கெட்டுவிட்டது என்று ஒதுக்குவதும் தவறு. வெளிச்சமும் காற்றும் பட்டு மேற்பரப்பு நிறம் மாறுவது இயல்பு. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், கத்தியால் ஒரு துண்டு வெட்டி உள்பக்கத்தைக் கசக்கிப் பார்க்க வேண்டும். விட்டதும் பழைய உருவுக்குத் திரும்பினால் நல்ல ஃபோம்; விரலில் பொடியாக உதிர்ந்தால்தான் கழிவு. “பிளாஸ்டிக்தானே, உருக்கிக்கொள்ளலாம்” என்பாரும் உண்டு. பாலியூரித்தேன் ஃபோமின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை. சூடேற்றினால் மறுபடி வார்க்கும்படி உருகாது, சிதைந்து கருகும். அதனால் அதைத் துண்டுகளாக அரைத்து, பசை கலந்து, அச்சில் அழுத்தி, நீராவி செலுத்திக் கட்டியாக்குகிறார்கள். பல நிறத் துணுக்குகள் தெரியும் அந்த ‘ரீபாண்டட்’ ஃபோம் புது ஃபோமைவிடக் கனமானது, கெட்டியானது. அழுத்தமான மெத்தைகளுக்கு அந்தக் கெட்டித்தன்மையே தேவை என்பதால், அதை மட்டமான சரக்கு என்று தள்ள முடியாது.

இத்தனையும் பிரிக்கும் மேசையில் காட்டும் கவனத்தைப் பொறுத்தது. மெத்தையின் விளிம்பைச் சுற்றித் தைத்திருக்கும் நாடாவை முதலில் அறுத்தால் மேலுறை தனியே கழன்றுவிடும். அடுத்து, ஸ்பிரிங் கூட்டின் ஓரக் கம்பியோடு துணியைப் பிடித்திருக்கும் சின்ன இரும்பு வளையங்களைக் குறடால் நிமிர்த்தி எடுக்க வேண்டும். அவசரத்தில் பிய்த்து இழுத்தால் வளையம் ஃபோமிலேயே தங்கி, அரவை இயந்திரத்தின் கத்தியை உடைக்கும். மூட்டை கட்டுமுன் ஒரு காந்தத்தை மேலே ஓட்டினால் தப்பியது அகப்படும். இவ்வளவு கைவேலைக்குக் கூலி கட்டுபடியாகுமா என்ற கேள்வி நியாயமானது. ஒன்றோடொன்று கோத்த ஸ்பிரிங் கூடு உள்ள மெத்தைக்குக் கட்டுபடியாகும் என்பதே என் கணிப்பு. கூடு ஒரே துண்டாக வந்துவிடுகிறது. ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப் பைக்குள் இருக்கும் பாக்கெட் ஸ்பிரிங்கில் கைவேலை நஷ்டம்தான். அதைப் பையோடு கிழித்து இரும்பைக் காந்தத்தால் பிரிக்கும் இயந்திரம் உள்ள இடத்துக்குத் தள்ளிவிடுவது மேல். நனைந்து பூஞ்சை பிடித்த மெத்தையையோ வாசலிலேயே மறுத்துவிட வேண்டும். அடுக்கில் அது ஒன்று இருந்தாலும் பக்கத்திலுள்ள உலர்ந்த ஃபோமுக்கும் ஈரம் ஏறும். ஈரச் சரக்கை அரவைக்காரர் எடுக்கமாட்டார்.