அறிக்கை வேறொருவருக்குப் போய்விட்டால்: ஒரு தொலைபேசி அழைப்பும் இரண்டு சிறு கடிதங்களும்

இரத்தப் பரிசோதனை அறிக்கை, ஸ்கேன் படம், வெளியேற்றச் சுருக்கம் ஆகியவற்றை மருத்துவருக்கு மின்னஞ்சலில் அனுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. பெற்றோர் துடியலூரில் இருக்க, பிள்ளைகள் திருப்பூரிலோ பெங்களூருவிலோ இருந்துகொண்டு அனுப்புகிறார்கள். அவ்வாறு அனுப்பப்படுவதில் சில, போக வேண்டியவருக்குப் போகாமல் வேறொருவரைச் சென்றடைகின்றன. அதை எவ்வாறு திருத்துவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தவறு நேரும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். முகவரிக் கட்டத்தில் இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டியதும், முன்பு நாம் எழுதிய முகவரிகளிலிருந்து ஒன்றை மென்பொருளே எடுத்து நிரப்பிவிடுகிறது. அது உண்மையில் உள்ள ஒருவரின் முகவரி என்பதால் கடிதம் திரும்பி வராது. இல்லாத முகவரிக்கு அனுப்பினால் ‘சேரவில்லை’ என்ற அறிவிப்பு வரும். ஆகவே, எந்த அறிவிப்பும் வராததைக் கொண்டு கடிதம் சரியான இடத்துக்குப் போய்விட்டது என்று முடிவு செய்ய முடியாது. அனுப்பியவுடன் Sent பகுதியைத் திறந்து முகவரியை முழுவதுமாகப் படித்தால்தான் தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருவருக்கு இதயத்தின் மைட்ரல் வால்வுக்குப் பதிலாக உலோகச் செயற்கை வால்வு பொருத்தப்பட்டிருக்கிறது. இரத்தம் உறையாமல் காக்க வார்ஃபரின் மாத்திரையை நாள்தோறும் இரவு ஏழு மணிக்கு உட்கொள்கிறார். காலையில் துடியலூர் ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்தார். பகல் ஒரு மணிக்கு அறிக்கை மகனின் மின்னஞ்சலுக்கு வந்தது. ஐ.என்.ஆர். அளவு 5.8. மகன் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் பணிபுரிகிறார். அலுவலகக் கணினியிலுள்ள அவுட்லுக்கிலிருந்து அறிக்கையை இதய மருத்துவருக்கு அனுப்ப எண்ணி, மருத்துவர் பெயரின் முதல் மூன்று எழுத்துகளைத் தட்டினார். அதே பெயருடைய நூல் வியாபாரி ஒருவரின் முகவரி வந்து அமர்ந்துகொண்டது. கடிதமும் போய்விட்டது. பதினைந்து நிமிடங்கள் கழித்து Sent பகுதியைப் பார்த்தபோதுதான் அவருக்கு இது தெரியவருகிறது.

இந்நிலையில் பலருக்கும் முதலில் எழும் எண்ணம், ‘அம்மாவின் நோய் விவரம் அயலார் கைக்குப் போய்விட்டதே, அதை எப்படியாவது திரும்பப் பெற வேண்டும்’ என்பதே. எங்கள் கருத்தில் அது இரண்டாவது வேலை. காணக் கூடாத ஒருவர் கண்டுவிட்டார் என்பது ஒரு தீங்கு. காண வேண்டியவர் இன்னும் காணவில்லை என்பது மற்றொன்று. உடலுக்கு ஆபத்து விளைவிப்பது பின்னது.

ஐ.என்.ஆர். என்பது இரத்தம் உறைய எடுத்துக்கொள்ளும் காலத்தைக் காட்டும் எண். வார்ஃபரின் உட்கொள்ளாத ஒருவருக்கு இது ஏறத்தாழ 1 ஆக இருக்கும். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளவருக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்குமாறு மாத்திரையின் அளவைச் சரிசெய்கிறோம். 5.8 என்றால் இரத்தக் கசிவுக்கான வாய்ப்பு கூடிவிட்டது என்று பொருள். கசிவு ஏதும் இல்லையென்றால், மருத்துவர் பெரும்பாலும் அன்றிரவு மாத்திரையை நிறுத்திவைக்கச் சொல்லி, ஓரிரு நாளில் மறுபடியும் பரிசோதிப்பார். ஆனால் அதை அவர்தாம் சொல்ல வேண்டும். குடும்பத்தினர் தாமாகவே பல நாள்களுக்கு நிறுத்திவிட்டால் வால்வில் இரத்தம் உறைந்து வேறோர் ஆபத்து நேரிடும். ஆகவே இம்மகனுக்குக் கிடைத்துள்ள காலம் இரவு ஏழு மணி வரைதான். அவர் முதலில் செய்ய வேண்டியது மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்து, நோயாளியின் பெயர், பதிவு எண், ஐ.என்.ஆர். அளவு ஆகிய மூன்றையும் சொல்வது. ஈறுகளிலோ மூக்கிலோ இரத்தம் வருதல், கரிய மலம், கடும் தலைவலி போன்றவை இருந்தால் கடிதத்தைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு, நோயாளியை உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வர வேண்டும்.

அழைப்பு முடிந்ததும் மருத்துவருக்கு அறிக்கையைப் புதிய கடிதமாக அனுப்ப வேண்டும். தவறாகச் சென்ற கடிதத்தையே எடுத்து மருத்துவருக்கு முன்னனுப்ப வேண்டா. அதில் நூல் வியாபாரியின் முகவரியும் சேர்ந்தே போகும்.  புதிய கடிதம் இவ்வளவு போதும்:

“ஐயா, வணக்கம். சற்றுமுன் தொலைபேசியில் தெரிவித்த என் தாயாரின் இன்றைய ஐ.என்.ஆர். அறிக்கையை இணைத்துள்ளேன். பதிவு எண் இணைப்பிலேயே உள்ளது. இது இன்று பகல் 1.10 மணிக்குத் தவறுதலாக வேறொரு முகவரிக்குச் சென்றுவிட்டது. ஆகவே தங்களுக்கு இது இப்போதுதான் முதன்முறையாக வருகிறது. இரவு 7 மணி மாத்திரை குறித்துத் தங்கள் அறிவுரையை எதிர்பார்க்கிறேன்.”

‘முதன்முறையாக வருகிறது’ என்ற சொற்கள் எங்களுக்குத் தேவை. அவை இல்லையேல், முன்பே வந்த ஒன்றின் நகல் போலும் என்று கருதி ஒருவர் பிறகு பார்க்கலாம் என ஒதுக்கிவைக்கக்கூடும்.

இனி, போன கடிதத்தைத் திரும்ப அழைப்பது. ஜிமெயிலில் அனுப்பியவுடன் திரையின் கீழே Undo என்ற சொல் சில நொடிகள் தோன்றும். கணினியில் அதன் அமைப்புகளுக்குச் சென்று Undo Send என்னுமிடத்தில் அந்தக் காலத்தை 5, 10, 20, 30 நொடிகள் என மாற்றிக்கொள்ளலாம். முப்பதை வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் இது போன கடிதத்தைத் திரும்பப் பெறுவதன்று. அந்த நொடிகள் முடியும்வரை கடிதம் புறப்படாமல் காத்திருக்கிறது, அவ்வளவே. நொடிகள் கடந்தபின் ஜிமெயிலில் வேறு வழியில்லை.

அவுட்லுக்கில் Recall This Message என்ற வசதி உண்டு. அது அனுப்பியவரும் பெற்றவரும் ஒரே நிறுவனத்தின் அஞ்சல் அமைப்பில் இருந்தால் மட்டுமே பயன்படும். மகன் தம் அலுவலகத்துச் சக ஊழியருக்கு அனுப்பியிருந்தால் பலன் கிட்டியிருக்கலாம். வெளி நிறுவனத்து வியாபாரியின் ஜிமெயில் பெட்டிக்குள் அது எட்டாது. சில வேளைகளில், ‘இன்னார் இக்கடிதத்தைத் திரும்பப் பெற விரும்புகிறார்’ என்ற இன்னொரு கடிதம் மட்டும் போய்ச் சேர்ந்து, படிக்காதவரையும் படிக்கத் தூண்டிவிடுகிறது. ஆகவே வெளியாருக்குச் சென்றதாயின் இதை முயல வேண்டா, நேரே எழுதுங்கள்.

ஒரு விலக்கு உண்டு. அறிக்கையை இணைப்பாக அனுப்பாமல் கூகுள் டிரைவில் வைத்து அதன் சுட்டியை மட்டும் அனுப்பியிருந்தால், அந்தக் கோப்புக்கான அனுமதியை உடனே நீக்கிவிடலாம். அதற்குள் அவர் தரவிறக்கியிருந்தால் பயனில்லை. எனினும் உண்மையில் திரும்ப அழைத்தல் என்று சொல்லத்தக்கது இதுவே.

தவறாகப் பெற்றவருக்கு எழுதும் கடிதம் சுருக்கமாக இருக்க வேண்டும். பழைய கடிதத்துக்குப் பதிலாக எழுதாமல் புதிதாகத் தொடங்குங்கள்; இல்லாவிடில் பழைய விவரங்கள் கீழே மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். பொருள் வரியில் நோயின் பெயரோ நோயாளியின் பெயரோ வேண்டா.

“ஐயா, வணக்கம். இன்று பகல் 1.10 மணிக்கு என்னிடமிருந்து ஓர் இணைப்புடன் வந்த கடிதம் தங்களுக்கு உரியதன்று, முகவரி மாறிவிட்டது. அருள்கூர்ந்து அதைத் திறக்காமலும் பிறருக்கு அனுப்பாமலும், குப்பைப் பகுதியிலிருந்தும் சேர்த்து நீக்கிவிடுங்கள். நீக்கியதை ஒரு வரியில் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். தொந்தரவுக்கு வருந்துகிறேன்.”

குப்பைப் பகுதியைக் குறிப்பிடுவதற்குக் காரணம், ஜிமெயிலில் நீக்கப்பட்டவை அங்கே 30 நாள்கள் வரை இருப்பதே. அம்மாவின் நோய் என்ன, ஏன் இவ்வளவு பதற்றம் என்றெல்லாம் விளக்க வேண்டா. விளக்கம் நீள நீளத் தெரியக்கூடாதது கூடுதலாகத் தெரியவரும். சட்டத்தைக் காட்டி அச்சுறுத்துவதும் பயன் தருவதில்லை. அவர் எத்தவறும் செய்யவில்லை. ஒரு நாள் கழிந்தும் பதில் வராவிட்டால் தொலைபேசியில் ஒருமுறை கேட்கலாம்.

தவறாகப் பெற்றவர் அதே பெயருடைய இன்னொரு மருத்துவராக இருந்தால் நிலைமை வேறு. அவர் அதைத் தம் நோயாளி ஒருவரின் அறிக்கை என்று எண்ணி, அந்நோயாளியின் கோப்பில் சேர்த்துவிடலாம். பெயரும் வயதும் ஒத்துப்போனால் இது எளிதில் நடக்கும். அத்தகைய கடிதத்தில், ‘இவர் தங்களிடம் சிகிச்சை பெறுபவர் அல்லர், இவ்வறிக்கை எந்தக் கோப்பிலும் சேர்க்கப்பட்டிருந்தால் நீக்க வேண்டுகிறேன்’ என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். அத்துடன் அவருடைய மருத்துவமனைக்கும் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும்.

பெரிய அலுவலகங்களும் இதற்கு விலக்கல்ல. 2014 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஜி-20 மாநாடு நடந்தது. அதற்கு வரவிருந்த 31 உலகத் தலைவர்களின் பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண், விசா விவரங்கள் ஆகியவற்றை அந்நாட்டுக் குடிவரவுத் துறை ஊழியர் ஒருவர், ஆசியக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் அமைப்புக் குழுவிலிருந்த ஒருவருக்கு அனுப்பிவிட்டார். அத்தலைவர்களுள் நம் பிரதமர் நரேந்திர மோடியும் ஒருவர். அவுட்லுக் தானே நிரப்பிய முகவரியைச் சரிபார்க்காததே காரணம் என்று அத்துறை பதிவுசெய்தது. அங்கே நிலைமையைக் காத்தது மென்பொருளின் எந்த வசதியும் அன்று. கடிதத்தைப் பெற்றவரே அனுப்பியவருக்கு எழுதித் தவறைச் சுட்டிக்காட்டினார். கடிதத்தை நீக்கிவிட்டு, நீக்கப்பட்டவை சேரும் பகுதியையும் காலி செய்தார். ஆனால் விவரங்களுக்கு உரிய தலைவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்று துறை முடிவு செய்தது. மறு ஆண்டு மார்ச்சில் இச்செய்தி இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தபோது, நடந்த தவறைவிடச் சொல்லாமல் விட்டதே அதிகம் பேசப்பட்டது.

வீட்டிலும் இது பொருந்தும். அறிக்கை அம்மாவுடையது, ஆகவே மகன் அன்றே அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். ‘வயதானவருக்கு எதற்கு வீண் கவலை’ என்று மறைப்பவர்களைக் காண்கிறோம். வியாபாரி நாளை எங்கேனும் சந்தித்து ‘உடம்பு எப்படி?’ என்று விசாரிக்கும்போது அவர் அறிந்துகொள்வதைவிட, மகன் வாயால் அறிவதே மேல். இவ்வாறு ஓர் ஆய்வகமோ மருத்துவமனையோ உங்கள் அறிக்கையைப் பிறருக்கு அனுப்பிவிட்டால், அதை உங்களிடம் தெரிவிக்கும் கடமை அந்நிறுவனத்துக்கு உண்டு. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதையே கூறுகிறது. தயங்காமல் கேளுங்கள்: எந்த அறிக்கை, யாருக்குச் சென்றது, அவர் நீக்கியதாக எழுதினாரா?

மாறாக, வேறொருவரின் அறிக்கை உங்கள் பெட்டிக்கு வந்தால் இணைப்பைத் திறக்க வேண்டா. அனுப்பியவருக்கு மட்டும், ‘இது எனக்குரியதன்று, நீக்கிவிட்டேன், உரியவருக்கு உடனே அனுப்புங்கள்’ என்று அன்றே எழுதிவிடுங்கள். அந்த அறிக்கைக்காக இன்னொரு மருத்துவர் காத்துக்கொண்டிருக்கக்கூடும்.