மாமாவும் டேர்ம் விற்பார்!

கேள்வி: வயது 28. திண்டுக்கல் நூற்பாலையில் மாதம் 25,000 ரூபாய் சம்பளம். மனைவி, கைக்குழந்தை, பெற்றோர் எல்லோரும் என்னை நம்பித்தான். ஏஜென்ட்டான மாமா எண்டோவ்மென்ட் எடுக்கச் சொல்கிறார். நண்பர் டேர்ம் என்கிறார். எது சரி?
- வாசகர், அகரம்

டேர்ம்தான். 20 வருட எண்டோவ்மென்ட்டில் வருடம் 25,000 ரூபாய் கட்டினால் காப்பீடு சுமார் 5 லட்சம். நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆனால், வீட்டுக்குக் கிடைப்பது 20 மாதச் சம்பளம். அந்த பிரீமியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கே 50 லட்சத்துக்கு டேர்ம் கிடைக்கும். அந்த 50 லட்சத்தை வீட்டார் 6 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் மாதம் 25,000 வரும், அதாவது உங்கள் சம்பளமே! பிரீமியத்தில் மிச்சமாவதை பி.பி.எஃப்.பில் போடுங்கள்.

'கட்டினது திரும்பாதே மாப்ளே' என்பார் மாமா. பைக் இன்சூரன்ஸ் மட்டும் திரும்புகிறதா?

சிகரெட், புகையிலைப் பழக்கம் இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். முதல் மூன்று ஆண்டுகளுக்குள் கிளெய்ம் வந்தால் அதைத்தான் தோண்டுவார்கள். மாமாவுக்கு மனவருத்தம் வேண்டாமென்றால், டேர்மையும் அவரிடமே எடுங்கள்.