மேடையில் எந்தச் சொல்?



நம் விழாக்களுக்குப் பேச்சு எழுதித் தரும்போது என்னிடம் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "தூய தமிழ்லயே எழுதணுமா, சாதாரணமா எழுதலாமா?" என்பதுதான். என் பதில்: கேட்பவர் யார் என்று முதலில் சொல்லுங்கள்.

1916-ல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய சுவாமி வேதாசலம், தம் பெயரையே மறைமலையடிகள் ஆக்கிக்கொண்டார். வேதம் மறை ஆனது, அசலம் மலை ஆனது, சுவாமி அடிகள் ஆனார். பிறகு மேடையும் மாறியது. நமஸ்காரம், அக்கிராசனர், வந்தனோபசாரம் போய், வணக்கம், தலைவர், நன்றியுரை வந்தன. இவை இன்று எல்லோருக்கும் பழகிவிட்டன. வடசொல்லும் தமிழ்ச்சொல்லும் சேர்ந்தே வழங்கும் இடத்தில்தான் நாம் யோசிக்க வேண்டும்.

மின் பாதுகாப்பு பற்றி ஒரு பேச்சு என்று வைத்துக்கொள்வோம். தமிழ் மன்றத்தில் நான் இப்படி எழுதுவேன்: "ஈரக் கையால் சுவிட்சைத் தொடுவது உயிருக்கு ஊறு விளைவிக்கும்." அங்கே அந்தச் சொல்லுக்குத் தலையாட்டுவார்கள்.

அதே பேச்சு முத்தாபுதுப்பேட்டையில் ஒரு பட்டறையில் என்றால்? விமானப்படையும் தொழிற்சாலைகளும் உள்ள ஆவடி வட்டாரத்தில் பல மொழிக்காரர்கள் இருக்கிறார்கள். தெலுங்குக்காரர் காதில் 'ஊறு' என்பது கிராமத்தைக் குறிக்கும் 'ஊரு' மாதிரி விழும். 'அபாயம்' என்றால் டிரான்ஸ்பார்மர் பலகையில் தினமும் பார்க்கிற சொல். தெலுங்கு, கன்னடம், மலையாளத்திலும் அதே சொல் உண்டு. எனவே, "ஈரக் கையோட சுவிட்சைத் தொடாதீங்க, உயிருக்கு அபாயம்!" என்பதே அங்கே சரி.

இதற்கு நேர்மாறான இடமும் உண்டு. "இந்த மோட்டாருக்கு சக்தி ஜாஸ்தி" என்று பேச்சில் சொல்லிவிடலாம். ஆனால் நம் துறை ஆசிரியர்கள் முன்னால் அது போதாது. பேச்சு வழக்கில் 'சக்தி' மூன்று பொருளைத் தாங்குகிறது. பாடநூல் தமிழ் அவற்றைப் பிரிக்கிறது: தள்ளுவது விசை, மீட்டரில் யூனிட்டாக ஓடுவது ஆற்றல், மோட்டார் தகட்டில் 5 குதிரை என்று இருப்பது திறன். இங்கே தமிழ்ச்சொல்லை எடுப்பது தூய்மைக்காக மட்டுமல்ல, துல்லியத்துக்காகவும்தான்.

கோயில் விழா மேடையானால் நோட்டீஸைப் பாருங்கள். அதில் 'கும்பாபிஷேகம்' என்று அச்சடித்திருந்தால் அதையே சொல்லுங்கள்; 'குடமுழுக்கு' என்றிருந்தால் அதைச் சொல்லுங்கள். அழைத்தவரை மேடையில் திருத்துவது அழகல்ல.

ஓர் எச்சரிக்கை. ஜ, ஷ, ஸ, ஹ எழுத்துக்களை மட்டும் பார்த்து வடசொல்லைக் கண்டுபிடிக்க முடியாது. 'நீதி', 'காரணம்', 'அபாயம்' மூன்றிலும் அந்த எழுத்து இல்லை, ஆனால் மூன்றும் வடசொற்கள். 'ஜன்னல்' போர்ச்சுகீசியச் சொல். சந்தேகம் வந்தால் அகராதியைப் புரட்டுங்கள்.

எழுதி முடித்ததும், அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். "என்னது?" என்று அவர் எங்கே கேட்கிறாரோ, அந்தச் சொல்லை மட்டும் மாற்றினால் போதும்.